ஸ்டாப்லாஸை அடித்தது யார்?

ஒரு சார்ட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நிஃப்டி ஃபியூச்சர்ஸ், ஐந்து நிமிட கேண்டில். நேற்றைய தாழ்விலை 24,850. இன்று காலை பத்தரை மணி வாக்கில் விலை மளமளவென்று சரிந்து, 24,850-ஐ உடைத்து, 24,838 வரை போகிறது. நேற்று வாங்கியவர்களில் பலர், நேற்றைய தாழ்வுக்குக் கீழே போனால் வெளியேறிவிடுவோம் என்று 24,845 பக்கமாக ஸ்டாப்லாஸ் வைத்திருக்கிறார்கள். அத்தனையும் அடிபடுகிறது. அதே கேண்டில் திரும்பி 24,868-இல் முடிகிறது. மதியத்துக்குள் விலை நூறு புள்ளி மேலே. வெளியேற்றப்பட்டவருக்கு வயிற்றெரிச்சல்.

“ஆபரேட்டர் நம்ம எஸ்.எல்லை எடுத்துட்டுத்தான் ஏத்துறான்” என்பது நம்மூர் டிரேடர்களின் பழைய புலம்பல். அந்தப் புலம்பலுக்கு இலக்கணம் எழுதி, பெயர்கள் சூட்டி, பாடத்திட்டமாக்கியதுதான் இன்று யூடியூபிலும் டெலிகிராமிலும் ஓடிக்கொண்டிருக்கும் ‘ஸ்மார்ட் மணி கான்செப்ட்ஸ்’. சுருக்கமாக எஸ்.எம்.சி. மேலே சொன்ன நிகழ்வுக்கு அதில் ‘லிக்விடிட்டி ஸ்வீப்’ என்று பெயர். சிறு வியாபாரிகளின் ஸ்டாப்லாஸ்கள் குவிந்திருக்கும் இடத்துக்குப் பெரிய பணம் வேண்டுமென்றே விலையைத் தள்ளி, அந்த ஆர்டர்களை விழுங்கிவிட்டு, பிறகு தான் நினைத்த திசையில் போகும் என்பது அதன் விளக்கம். விலை வேகமாக ஏறுவதற்கு முன்னால் வந்த கடைசிச் சிவப்புக் கேண்டிலுக்கு ‘ஆர்டர் பிளாக்’ என்று பெயர். பெரிய நிறுவனங்கள் அங்கேதான் வாங்கின, வாங்கி முடிக்காத மிச்ச ஆர்டர்கள் அங்கேயே காத்திருக்கின்றன, ஆகவே விலை அங்கே திரும்பி வந்தால் மறுபடி எழும்பும் என்கிறது பாடம்.

இந்தச் சொற்களைப் பரப்பியவர் அமெரிக்கரான மைக்கேல் ஹடில்ஸ்டன். ‘இன்னர் சர்க்கிள் டிரேடர்’ என்ற பெயரில் அன்னியச் செலாவணி வணிகத்தைக் கற்பித்தவர். கருத்து அதைவிட மிகப் பழையது. ரிச்சர்ட் வைக்காஃப் என்ற வால் ஸ்ட்ரீட் பத்திரிகையாளர் 1930-களிலேயே, சந்தை முழுவதையும் திரைமறைவில் ஒரே ஆள் நடத்துவதாக எண்ணிக்கொண்டு சார்ட்டைப் படியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். ஆதரவு விலையைக் கொஞ்சம் உடைத்துவிட்டுத் துள்ளி எழும் நகர்வை அவர் வழிவந்தவர்கள் ‘ஸ்பிரிங்’ என்றார்கள். வைக்காஃப் அந்த ஆளைப் புரிந்துகொள்வதற்கான ஒரு கற்பனையாக வைத்தார். இன்றைய வகுப்புகளில் அந்த ஆள் நிஜமாகவே உயிர்பெற்றுவிட்டார்.

இதில் எது உண்மை, எது கதை? மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்வீப்பும் ஆர்டர் பிளாக்கும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆதாரம் என்று தேடிப்போனால் இரண்டும் வெவ்வேறு இடத்தில் வந்து நிற்கின்றன.

ஸ்டாப்லாஸ்கள் ஓரிடத்தில் குவியும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சார்ட்டை வைத்து ஊகித்ததல்ல, ஆர்டர் புத்தகத்தையே திறந்து பார்த்தது. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் கேரல் ஆஸ்லர், ஒரு பெரிய வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவுக்கு 1999 ஆகஸ்ட் முதல் 2000 ஏப்ரல் வரை வந்த 9,655 ஆர்டர்களை ஆராய்ந்தார். டாலர்-யென், பவுண்டு-டாலர், யூரோ-டாலர் ஆகிய மூன்று ஜோடிகள். எந்த வாடிக்கையாளர் எந்த விலையில் ஸ்டாப்லாஸ் வைத்தார், எந்த விலையில் லாபத்தை எடுக்கச் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருந்தது. 2003-இல் ‘ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்’ இதழில் முடிவுகள் வெளியாயின.

மனிதர்கள் முழு எண்களை விரும்புகிறார்கள். 1.6000, 1.6050 போன்ற விலைகளிலேயே லாபமெடுக்கும் ஆர்டர்கள் அடர்ந்து கிடந்தன. ஸ்டாப்லாஸ்களோ அந்த முழு எண்ணைச் சற்றே தாண்டி நின்றன. விற்பதற்கான ஸ்டாப் முழு எண்ணுக்குக் கொஞ்சம் கீழே, வாங்குவதற்கான ஸ்டாப் கொஞ்சம் மேலே. ஆகவே ‘எல்லோரும் ஒரே இடத்தில்தான் ஸ்டாப் வைக்கிறார்கள்’ என்று எஸ்.எம்.சி. ஆசிரியர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. தரவு அவர் பக்கம்.

அந்த இடத்துக்கு வேண்டுமென்றே விலையைத் தள்ளுபவர்கள் இருக்கிறார்களா? இருந்தார்கள், பிடிபட்டும் இருக்கிறார்கள். 2014 நவம்பரில் பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் சிட்டிபேங்க், எச்.எஸ்.பி.சி., ஜே.பி. மார்கன், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, யூ.பி.எஸ். ஆகிய ஐந்து வங்கிகளுக்கும் சேர்த்து சுமார் 110 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. செலாவணி விலைகளோடு விளையாடியது, வாடிக்கையாளர் ரகசியங்களைப் பிற வங்கி டீலர்களோடு பகிர்ந்தது என்ற குற்றச்சாட்டுகளுக்கு நடுவே, சொந்த லாபத்துக்காக வாடிக்கையாளர்களின் ஸ்டாப்லாஸைத் தூண்டிவிட முயன்றதும் இருந்தது. டீலர்கள் அரட்டை அறைகளில் இதைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டதுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் அந்த டீலர்களுக்கு ஸ்டாப் எங்கே இருக்கிறது என்பது சார்ட்டைப் பார்த்துத் தெரியவில்லை. வாடிக்கையாளரே அவர்களிடம் ஆர்டர் கொடுத்திருந்தார். விலையும் அளவும் அவர்கள் மேசையில் இருந்தன. நம் தேசியப் பங்குச் சந்தையிலோ, ஸ்டாப்லாஸ் ஆர்டர் தன் தூண்டுவிலை வரும்வரை தனியே வைக்கப்பட்டிருக்கும். திரையில் தெரியும் மார்க்கெட் டெப்த்தில் அது தலைகாட்டாது. எல்லோரும் இங்கேதான் வைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஊகம் பல நேரம் சரியாகவும் இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அந்த அளவுதான் விலையை நகர்த்துவது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஆஸ்லரின் ஆய்விலேயே இருக்கிறது. எஸ்.எம்.சி.க்கு ஆதாரம் என்று சிலர் அதைச் சுட்டுகிறார்கள். முழுக்கப் படித்திருந்தால் சுட்டியிருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. ஸ்டாப்கள் குவிந்த இடத்தை விலை எட்டியதும் என்ன நடந்தது? எஸ்.எம்.சி. சொல்வதுபோல் திரும்பவில்லை. அதே திசையில் இன்னும் வேகமாக ஓடியது. விலை திரும்பியது லாபமெடுக்கும் ஆர்டர்கள் குவிந்திருந்த முழு எண்களில்தான். காரணம் எளியது. கீழே இறங்கும்போது அடிபடும் ஸ்டாப், விற்பனை ஆர்டராக மாறுகிறது. அந்த விற்பனை விலையை மேலும் தள்ளி அடுத்த ஸ்டாப்பை அடிக்கிறது, அது அதற்கடுத்ததை. 2005-இல் ஆஸ்லர் இந்தச் சங்கிலிச் சரிவைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டாப்லாஸின் தாக்கம் லாபமெடுக்கும் ஆர்டர்களின் தாக்கத்தைவிடப் பெரியது, நீண்ட நேரம் நிற்பது என்பது அவர் கண்டது.

இதன் கோரமான உருவத்தை 2015 ஜனவரி 15 அன்று உலகம் பார்த்தது. ஒரு யூரோ 1.20 சுவிஸ் ஃபிராங்குக்குக் கீழே போகாது என்று சுவிஸ் மத்திய வங்கி 2011 செப்டம்பரிலிருந்து காவல் காத்துவந்தது. அந்த நம்பிக்கையில் யூரோவை வாங்கியவர்கள், ஸ்டாப்லாஸை 1.20-க்குச் சற்றுக் கீழே வைத்திருந்தார்கள். அதைவிடத் தெளிவாகத் தெரிந்த ஸ்டாப் குவியல் சந்தை வரலாற்றில் அரிது. அன்று காலை மத்திய வங்கி காவலைக் கைவிட்டது. சில நிமிடங்களில் விலை 1.00-க்கும் கீழே போயிற்று. இடையில் வாங்க ஆளே இல்லாததால், 1.19-இல் வெளியேற வேண்டியவர்கள் அதற்கு வெகு கீழே வெளியேறினார்கள். எஃப்.எக்ஸ்.சி.எம். என்ற தரகு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பாக்கி மட்டும் 22.5 கோடி டாலர். விலை பிறகு ஓரளவு மீண்டது. ஆனால் ‘ஸ்வீப் முடிந்தது, இனி ஏறும்’ என்று 1.19-இல் வாங்கியவருக்கு அந்த மீட்சி உதவவில்லை.

அப்படியானால் தொடக்கத்தில் பார்த்த 24,838 சார்ட்? அதுபோல நடக்கத்தான் செய்கிறது, அடிக்கடி நடக்கிறது. நேற்றைய தாழ்வை உடைத்துவிட்டுத் திரும்பும் நாளும் உண்டு, உடைத்துக்கொண்டு ஓடியே போகும் நாளும் உண்டு. எஸ்.எம்.சி. அகராதியில் இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. திரும்பினால் லிக்விடிட்டி ஸ்வீப். ஓடினால் ‘பிரேக் ஆஃப் ஸ்ட்ரக்சர்’. ஆர்டர் பிளாக்கும் அப்படியே. விலை அங்கிருந்து எழும்பினால் ஆர்டர் பிளாக் வேலை செய்தது. துளைத்துக்கொண்டு போனால் அது ‘பிரேக்கர் பிளாக்’ ஆகிவிட்டது, இனி எதிர்த்திசைக்கு உதவும். எந்த விளைவு வந்தாலும் அதற்கொரு பெயர் தயாராக இருக்கும்போது, பழைய சார்ட்டில் இந்த முறை தோற்பதே இல்லை. நாளைய சார்ட்டில், 24,845-இல் விலை நின்றுகொண்டிருக்கும்போது, எந்தப் பெயரை வைப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வகுப்புகளில் அந்த இடம் வேகமாகக் கடந்துபோகும்.

இனி ஆர்டர் பிளாக். ஸ்வீப்புக்காவது ஓர் உண்மைக் கரு இருக்கிறது. இதில் அடிப்படை விளக்கமே நம் சந்தையில் காலூன்றவில்லை.

மூன்று நாளைக்கு முன் உருவான ஓர் ஆர்டர் பிளாக்கில் ‘நிறைவேறாத ஆர்டர்கள்’ காத்திருக்கின்றன என்கிறார் ஆசிரியர். எங்கே காத்திருக்கின்றன? தேசியப் பங்குச் சந்தையின் பங்கு, எஃப் அண்ட் ஓ பிரிவுகளில் நிறைவேறாத ஆர்டர் அன்றைய வர்த்தகம் முடிந்ததும் ரத்தாகிவிடும். திங்கட்கிழமை 24,850-இல் போட்டு நிறைவேறாத ஆர்டர் வியாழக்கிழமை சந்தையின் புத்தகத்தில் இருக்காது. தரகர்கள் தரும் ஜி.டி.டி. வசதியில் போட்டவை தரகரின் கணினியில் இருக்கும். விலை வந்தபிறகுதான் சந்தைக்கு அனுப்பப்படும். பெரிய நிறுவனம் தன் திட்டத்தை மனத்தில் வைத்திருந்து அதே விலையில் மறுபடி வரலாம் என்று வாதிடலாம். வரலாம்தான். ஆனால் அது ஒரு யூகம், புத்தகத்தில் கிடக்கும் ஆர்டர் அல்ல.

இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது. பலர் ஆர்டர் பிளாக் வரைவது நிஃப்டி ஸ்பாட் சார்ட்டில். நிஃப்டி ஸ்பாட் என்பது 50 பங்குகளின் விலையிலிருந்து கணக்கிடப்படும் ஓர் எண். அதை யாரும் வாங்க முடியாது, விற்க முடியாது, அதில் ஓர் ஆர்டர்கூடப் போட முடியாது. ஆர்டரே போட முடியாத இடத்தில் ஆர்டர் பிளாக்!

பெரிய பணம் உண்மையில் எப்படி வாங்குகிறது என்பது ரகசியமில்லை. கோயம்பேட்டில் ஒருவருக்கு மூன்று லாரி வெங்காயம் வேண்டும் என்றால், நடுவில் நின்று கூவமாட்டார். கூவினால் ஐந்தே நிமிடத்தில் விலை ஏறிவிடும். பத்துக் கடையில் பத்து ஆளை விட்டுப் பத்துப் பத்து மூட்டையாக எடுப்பார். நிதி நிறுவனங்களும் அதையே செய்கின்றன. ஐந்து லட்சம் பங்கு வேண்டுமென்றால் அதைச் சில நூறு, சில ஆயிரம் பங்குகளாக நறுக்கி, நாள் முழுக்க, சில சமயம் பல நாள், சந்தையின் வாங்கல் விற்றலோடு ஒன்றாகக் கலந்துவிடும்படி கணினி வழியாக வாங்குவார்கள். அன்றைய சராசரி விலைக்கு நெருக்கமாக வாங்கி முடித்தால் போதும், அதற்குத்தான் டீலருக்குப் பாராட்டு. 2004-இல் ஃபேப்ரிசியோ லில்லோவும் டோய்ன் ஃபார்மரும் லண்டன் பங்குச் சந்தையின் ஆர்டர்களை ஆராய்ந்தபோது இதன் தடம் அப்பட்டமாகத் தெரிந்தது. வாங்கும் ஆர்டருக்குப் பின்னால் வாங்கும் ஆர்டரே வரும் போக்கு நாட்கணக்கில் நீடித்தது. இந்த நீட்சிக்கு முக்கியக் காரணம் பெரிய ஆர்டர்களை நறுக்கிப் போடுவதே என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

ஆகவே நிறுவனத்தின் வாங்கல் என்பது பல மணி நேரத்தில், பல விலைகளில் தூவப்பட்டிருக்கும். அதை ஒரு சிவப்புக் கேண்டிலுக்குள் பெட்டி போட்டு அடைக்க முடியாது. அந்தக் கேண்டிலில் வாங்கியது யார், விற்றது யார் என்பதைத் திறப்பு, உயர்வு, தாழ்வு, முடிவு என்ற நான்கு எண்கள் சொல்லவும் சொல்லாது.

சரி, பெட்டி வரைந்த இடத்தில் விலை சில நேரம் நிற்கத்தானே செய்கிறது? நிற்கிறது. அதற்கும் ஆஸ்லரிடம் ஒரு விளக்கம் கிடைக்கும். 2000-ஆம் ஆண்டில் அவர் செய்த வேறோர் ஆய்வில், ஆறு நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்கு வெளியிட்ட ஆதரவு, எதிர்ப்பு விலைகளை எடுத்துக்கொண்டு, அதே அளவு எண்ணிக்கையில் கணினி குருட்டாம்போக்கில் தேர்ந்த விலைகளோடு ஒப்பிட்டார். நிறுவனங்கள் சொன்ன இடங்களில் விலை கூடுதலாகவே நின்றது, திரும்பியது. பலரும் கவனிக்கும் விலைக்கு ஓரளவு கனம் உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் அது பழைய டெக்னிகல் அனாலிசிஸின் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ். அதை விளக்கத் திரைமறைவு ஆள் யாரும் தேவைப்படவில்லை.

திரைமறைவு ஆளே கிடையாது என்று சொல்லவரவில்லை. அண்மையில் இந்தியாவில் கிளம்பிய பெரிய குற்றச்சாட்டையே பார்ப்போம். அமெரிக்காவின் ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் மீது செபி 2025 ஜூலை 3 அன்று இடைக்கால உத்தரவு போட்டு, 4,843.57 கோடி ரூபாயை முடக்கியது. அந்த உத்தரவில் விரிவாக அலசப்பட்ட நாள் 2024 ஜனவரி 17. முந்தைய மாலை வந்த எச்.டி.எஃப்.சி. வங்கியின் காலாண்டு முடிவு சந்தைக்குப் பிடிக்காததால், 48,125-இல் முடிந்திருந்த பேங்க் நிஃப்டி அன்று 46,600-க்குப் பக்கத்தில் திறந்தது. செபியின் கூற்றுப்படி, காலையில் அந்தக் குழுமம் பேங்க் நிஃப்டியில் உள்ள வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சர்ஸையும் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கியது. குறியீடு மேலே வந்தது. அதே நேரத்தில், குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன் நிலைகளை அதைப்போல ஏழு மடங்குக்கும் மேலாக, சுமார் 32,000 கோடி ரூபாய் மதிப்புக்குக் கட்டியது. பிற்பகலில் காலையில் வாங்கியதை விற்றது. குறியீடு 46,064-இல் முடிந்தது. பங்கிலும் ஃபியூச்சர்ஸிலும் சுமார் 61 கோடி நஷ்டம், ஆப்ஷனில் 734 கோடி லாபம். இது வழக்கமான இன்டெக்ஸ் ஆர்பிட்ரேஜ்தான், முறைகேடு இல்லை என்று நிறுவனம் மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறது.

யார் சொல்வது சரி என்பது தீர்ப்பாயத்தின் வேலை. நமக்கு வேண்டியது வேறு. அன்று காலை பேங்க் நிஃப்டி சார்ட்டை ஓர் எஸ்.எம்.சி. மாணவர் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? கீழே கேப்பில் திறந்து பழைய தாழ்வுகளின் ஸ்டாப்களை வாரியாயிற்று, வலுவாக எழும்புகிறது, ஸ்மார்ட் மணி வாங்குகிறது, கால் ஆப்ஷன் எடு. ஸ்மார்ட் மணி வாங்கியது உண்மைதான். ஆனால் பந்தயம் எதிர்த்திசையில் இருந்தது, அது பேங்க் நிஃப்டி கேண்டிலில் எங்கும் பதிவாகவில்லை. செபிக்கு அது தெரிந்தது, குழுமத்தின் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் வினாடிவாரியாகப் பிரித்து, பங்கையும் ஃபியூச்சர்ஸையும் ஆப்ஷனையும் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பார்த்ததால்.

இத்தனைக்குப் பிறகும், விளக்கம் தப்பாக இருந்தால் என்ன, முறை காசு தருகிறதல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சோதித்துப் பார்த்துவிடலாம்.

விதியை முதலில் மாற்ற முடியாதபடி எழுதவேண்டும். நேற்றைய தாழ்வை விலை உடைக்க வேண்டும். அதே ஐந்து நிமிட கேண்டில் தாழ்வுக்கு மேலே முடிய வேண்டும். முடிந்த விலையில் வாங்கவேண்டும். ஸ்டாப் அந்தக் கேண்டிலின் அடியில். இலக்கு, ஸ்டாப் தூரத்தைப்போல இரண்டு மடங்கு. நம் சார்ட்டில் 24,868-இல் வாங்கி, 24,838-இல் ஸ்டாப், 24,928-இல் இலக்கு. 30 புள்ளி ஆபத்து, 60 புள்ளி ஆதாயம். வகுப்பில் சொல்லும் ‘ஒன்றுக்கு இரண்டு’.

“பத்தில் நான்கு ஜெயித்தாலே லாபம்” என்பது அடுத்து வரும் வாக்கியம். இங்கேதான் கணக்கைக் கவனமாகப் பார்க்கவேண்டும். எந்தத் திறமையும் இல்லாமல், பூவா தலையா போட்டுப் போகும் விலையில்கூட, 30 புள்ளி கீழே போவதற்கு முன் 60 புள்ளி மேலே போக மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நூறு டிரேடில் 33 தானாகவே ஜெயிக்கும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இப்போது செலவைச் சேருங்கள். தரகு, வரி, நினைத்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்த்து ஒரு டிரேடுக்கு 6 புள்ளி என்று வைப்போம். வெற்றி 54 புள்ளி ஆகிறது, தோல்வி 36. பத்தில் நான்கு ஜெயித்தால் 216 வரவு, ஆறு தோற்றால் 216 செலவு. பத்தில் நான்கு என்பது லாபமல்ல, கைக்கும் வாய்க்கும் சரி. 33 மட்டுமே ஜெயித்தால் நூறு டிரேடில் 630 புள்ளி நஷ்டம்.

அடுத்தது அதிர்ஷ்டம். உண்மையான வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான் என்றாலும், நூறு டிரேடில் எப்போதும் சரியாக 33 வராது. 24-லிருந்து 43 வரை எது வந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். ஒருவர் நூறு டிரேடில் 42 ஜெயித்ததாகத் தன் கணக்கைக் காட்டினால், பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அதிலிருந்து ஒன்றும் நிரூபணமாகவில்லை என்றுதான் அர்த்தம். திறமையை அதிர்ஷ்டத்திலிருந்து பிரிக்கப் பல நூறு டிரேடுகள் வேண்டும். இந்த ஒரு விதிக்கு மட்டும் அவ்வளவு வாய்ப்புகள் கிடைக்கப் பல ஆண்டுத் தரவு தேவைப்படும். பத்து சார்ட்டைக் காட்டி வகுப்பை முடிப்பவரின் சௌகரியம் புரிகிறதல்லவா.

ஆஸ்லர் செய்த ஒப்பீட்டையும் விட்டுவிடக்கூடாது. அதே விதியை, நேற்றைய தாழ்வுக்குப் பதிலாக அதிலிருந்து 20, 35, 50 புள்ளி என்று குருட்டாம்போக்கில் தள்ளி வைத்த விலைகளில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே வெற்றி விகிதம் வந்தால், ஸ்டாப்லாஸ் குவியலுக்கும் உங்கள் லாபத்துக்கும் சம்பந்தமில்லை. சந்தை அந்தக் காலத்தில் ஏறிக்கொண்டிருந்தது, எங்கே வாங்கியிருந்தாலும் ஜெயித்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு சின்ன வேலை. எக்செல்லில் A1 கட்டத்தில் 24850 என்று எழுதி, A2-வில் கீழே உள்ளதை எழுதி, ஆயிரம் வரிசைக்கு இழுத்துவிட்டு, கோட்டுப்படம் வரையுங்கள்.

```
=A1+IF(RAND()<0.5,-5,5)
```

வருவது வெறும் பூவா தலையா. அதில் பழைய தாழ்வை லேசாக உடைத்துவிட்டுத் திரும்பும் இடங்களை எண்ணுங்கள். இரண்டு நிமிடத்தில் அழகழகான ஸ்வீப்கள் கிடைக்கும். யாருடைய ஸ்டாப்லாஸும் அங்கே இல்லை. இது புதிய விளையாட்டும் அல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி ராபர்ட்ஸ் 1959-லேயே தற்செயல் எண்களால் சார்ட் வரைந்து, அதில் ‘ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ்’ வடிவம் தானாகத் தோன்றுவதைக் காட்டினார்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். இவர்களில் எத்தனை பேர் ஆர்டர் பிளாக் பார்த்தார்கள், எத்தனை பேர் ஜாதகம் பார்த்தார்கள் என்பதை அந்த ஆய்வு பிரிக்கவில்லை. ஆகவே இதை எஸ்.எம்.சி. மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களைப் பற்றி அது சொல்வதுதான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. 2023-24-இல் மட்டும், செலவுக்கு முந்தைய கணக்கில், சொந்தப் பணத்தில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சுமார் 28,000 கோடியும் ஈட்டினார்கள். அந்த லாபத்தில் 96, 97 சதவீதம் கணினி நிரல்கள் தாமாகப் போட்ட ஆர்டர்களிலிருந்து வந்தது. அந்தக் கணினிகள் பார்ப்பது சந்தை அனுப்பும் ஒவ்வொரு ஆர்டரின் வரவையும் மாற்றத்தையும் ரத்தையும். ஐந்து நிமிடம் காத்திருந்து ஒரு கேண்டில் முடிந்த பிறகு பெட்டி வரைய அவற்றுக்கு அவசியமில்லை.

2025 ஜனவரியில் செபி ஒரு சுற்றறிக்கை விட்டது. பங்குச்சந்தைக் கல்வி மட்டுமே தருவதாகச் சொல்பவர்கள், கடந்த மூன்று மாத விலைத் தரவைக் காட்டி எந்தப் பங்கைப் பற்றியும் ஆலோசனைபோலப் பேசக்கூடாது என்றது. பாடம் நடத்துகிறேன் என்ற பெயரில் லைவ் டிப்ஸ் கொடுப்பதைத் தடுக்கத்தான் அது வந்தது. மூன்று மாதத்துக்கு முந்தைய சார்ட்டைக் காட்டுவதில் எஸ்.எம்.சி. வகுப்புக்கு ஒரு சிரமமும் இல்லை. எது ஸ்வீப், எது பிரேக் என்பது அதற்குள் தெரிந்துபோயிருக்கும். சேர்வதற்கு முன் ஆசிரியரிடம் கேட்கவேண்டியது இதுதான்: சார்ட்டின் வலது பாதியை மறைத்துவிட்டு, இருநூறு இடங்களில் பெயரை முன்கூட்டியே எழுதிக்கொடுப்பாரா?